மகளுக்குத் தெரிய வேண்டாம்

அந்தக் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அதில் ஏதோ தலைகீழாக இருப்பதாகத்தான் பட்டது. எது தலைகீழ் என்று பிடிபடவில்லை. அவள் இன்னொரு தடவை படித்தாள்.

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு இரும்பு அலமாரி. அந்த மேசைக்குப் பின்னால் உட்காருபவள் என்பதால் மாணவர்களுக்கு அவள் ஸ்காலர்ஷிப் மேடம். பருவக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும் மாதத்தில் "பணம் இன்னும் வரவாகவில்லை" என்று கடிதங்கள் குவியும். பெரும்பாலும் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்தவை. ஒரே வாசகம், ஒரே எழுத்துப் பிழை. கீழே அப்பாவோ அம்மாவோ போட்ட கையெழுத்து மட்டும் மாறும்.

இது அப்படி இல்லை. கோடு போட்ட தாளில் நீலப் பேனாவால், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருந்தது. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது.

"ஐயா, என் மகள் தங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கிறாள். சென்ற ஆண்டு அரசு உதவித்தொகை அவள் வங்கிக் கணக்கில் வரவானது. அதை வைத்தே கட்டணம் கட்டினோம். இந்த ஆண்டுத் தொகை வரவில்லை என்று மகள் சொல்கிறாள். அவளோடு படிக்கும் பிள்ளைகளுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் மகள் வீட்டுக்கு வந்தபோது புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். ஏது என்று கேட்டதற்கு விலை குறைவுதான் என்றாள். ஏது என்பதற்கு அது பதில் இல்லை. எனவே தொகை அனுப்பப்பட்டதா இல்லையா என்று எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அனுப்பப்படவில்லை என்றால் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டணம் கட்டிவிடுகிறேன். அனுப்பப்பட்டிருந்தால் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன். பொய் சொல்லிப் படிக்கும் படிப்பு எங்களுக்கு வேண்டாம். இக்கடிதம் மகளுக்குத் தெரிய வேண்டாம்."

கையெழுத்துக்குக் கீழே "எடைமேடை இயக்குபவர்" என்று தொழில், லாரிகளைச் சுமையோடு எடை போடும் வேலை. அதற்கும் கீழே கைபேசி எண்.

இப்போது பிடிபட்டது. பணம் அனுப்பியாயிற்று என்ற பதிலுக்காக ஊரே தவம் கிடக்கிறது. இந்த மனிதர் மட்டும் அனுப்பவில்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். கடன் வாங்கக்கூடத் தயார். மகள் பொய் சொல்லவில்லை என்று யாராவது சொன்னால் போதும்.

அவள் அரசு உதவித்தொகைத் தளத்தைத் திறந்து மாணவியின் பதிவு எண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பச்சை எழுத்தில் வந்தது: வரவு வைக்கப்பட்டது.

"அடிப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்ன மேடம்?" என்றார் அடுத்த மேசையிலிருந்த கண்காணிப்பாளர். அவர் கையில் எப்போதும் முத்திரைக் கட்டை இருக்கும் என்பதால் மாணவர்களுக்கு அவர் சீல் சார். எந்தக் காகிதத்தையும் படிப்பதற்கு முன்னால் அதில் முத்திரைக்கு இடம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

"ஒரு அப்பா லெட்டர் போட்டிருக்கார் சார். பணம் வரலைன்னு பொண்ணு சொல்லுதாம். இங்க கிரெடிட் ஆயிடுச்சுன்னு காட்டுது."

"அப்புறம் என்ன? தளத்துல என்ன இருக்கோ அதை எழுதுங்க. 'தொகை வரவு வைக்கப்பட்டது, மேலும் விவரங்களுக்கு வங்கியை அணுகவும்.' ரெண்டு வரி. சீலைக் குத்தி அனுப்பிடலாம்."

"அந்த ரெண்டு வரி போனா அந்தப் பொண்ணு படிப்பு போச்சு சார்."

"ஏன், நாம என்ன பொய்யா எழுதுறோம்?"

அதுதான் விஷயம். பொய் இல்லை. அவள் இரண்டு வரியையும் தட்டச்சு செய்து, அச்செடுத்து, அவர் மேசையில் கையெழுத்துக்குப் போகும் கட்டின் மேலே வைத்தாள். தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு மனுவை எடுத்தாள். ஒரு வரிகூட ஏறவில்லை. அந்தப் பெண் எப்படி இருப்பாள்? பணத்தை என்ன செய்திருப்பாள்? ஒரு கண்ணாடி எவ்வளவு விலை இருந்துவிடும், மீதி எங்கே? அப்பாவிடம் "விலை குறைவுதான்" என்று சொன்னபோது கண் எங்கே பார்த்திருக்கும்?

சீல் சார் டீ குடிக்க எழுந்து போனதும், கட்டின் மேலிருந்த பதிலைத் திரும்ப எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். அது ஆவல். அடுத்தவர் வீட்டுச் சன்னலில் வெளிச்சம் தெரிந்தால் நடையைத் தளர்த்துகிற அதே ஆவல்.

*

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே கணவனிடம் கதையைச் சொன்னாள்.

"உனக்கு எதுக்கு இந்தத் துப்பறியற வேலை?" என்றான் அவன். "கவர்மெண்ட் போட்டுச்சு, பொண்ணு எடுத்துச்சு, அப்பன் கேக்கறான். நடுவுல நீ யாரு?"

"எடுத்திருக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"பின்ன, பணம் தானா நடந்து போச்சா?"

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா உனக்கு ஏமாற்றமா இருக்கும்" என்று சிரித்தான். "உன் மூஞ்சியே சொல்லுதே. நல்ல கதை கிடைச்ச மாதிரி உக்காந்திருக்க."

அவள் கையிலிருந்த துணியை அவன் மேல் எறிந்தாள். ஆனால் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது, உண்மை என்பதால்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் குளிக்கப் போயிருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் கால்கள் தாமாகவே மகளின் புத்தகப் பையை நோக்கி நடந்தன. தினமும் நடப்பதுதான். பென்சில் பெட்டி, நடு ஜிப், நோட்டுகளின் கடைசிப் பக்கம். என்ன தேடுகிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதுவரை எதுவும் அகப்பட்டதில்லை. அகப்படாததால் நிம்மதி வந்ததும் இல்லை. இன்னும் நன்றாக ஒளித்து வைத்திருக்கிறாளோ என்றுதான் தோன்றும்.

பையின் வாயைத் திறந்தவள் கையை உள்ளே விடாமல் நின்றாள். எழுத்தை அழுத்தி அழுத்தி எழுதிய அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவர் தன் சந்தேகத்தைத் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். தன்னுடையது எந்தத் தாளிலும் ஏறாது. ஜிப்பை இழுத்து மூடினால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும்.

மூடினாள். அன்று பார்க்கவில்லை. பெரிய மனம் ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

*

மறுநாள் வேதியியல் துறைக்கு ஆள் அனுப்பி மாணவியை வரச்சொன்னாள். கடிதத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. "இரண்டாம் வருஷத்துப் பிள்ளைங்க எல்லாரோட பேங்க் விவரத்தையும் சரிபார்க்கிறோம், பாஸ்புக்கோட வா" என்று சொல்லி அனுப்பினாள். பொய்தான். பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு பொய்.

வந்தவள் ஒல்லியாக, உயரமாக இருந்தாள். ஆய்வக அங்கியைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள். மூக்கின் மேல் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி.

"நல்லாயிருக்கே கண்ணாடி. புதுசா?" அவளால் அடக்க முடியவில்லை.

பெண் சட்டென்று கண்ணாடியைத் தொட்டுக்கொண்டாள். "ஆமா மேடம்."

"வீட்ல வாங்கிக் குடுத்தாங்களா?"

"இல்ல மேடம். நானே."

நானே! ஸ்காலர்ஷிப் மேடத்துக்கு நாற்காலியில் முதுகு தானாக நிமிர்ந்தது. "பரவாயில்லையே. அவ்வளவு பணம் ஏது?"

பெண் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "லைப்ரரில சாயங்காலம் புக் அடுக்குறேன் மேடம். மணிக் கணக்குல தர்றாங்க. லைப்ரரியன் சார் வேணும்னா கேட்டுப் பாருங்க. போர்டுல ஈக்வேஷன் எதுவும் தெரியல, எல்லாம் புகையாத் தெரிஞ்சது. அப்பாகிட்ட சொன்னா, 'படிக்கப் போனியா வேலைக்குப் போனியா'ன்னு ஆரம்பிச்சுடுவார். கண்ணு தெரியலைன்னு சொன்னா அதுக்கும் மேல. சாப்பாட்டைக் குறைச்சு கண் டாக்டருக்குப் பணம் அனுப்புவார். அதான் சொல்லல."

"பொய் சொன்னியா?"

"பொய் இல்ல மேடம். விலை குறைவுன்னு சொன்னேன். நெஜமாவே குறைவுதான்."

அப்பாவின் கடிதத்திலிருந்த அதே வாக்கியம், இந்தப் பக்கத்திலிருந்து. ஸ்காலர்ஷிப் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, பாஸ்புக்கைக் காட்டு."

முந்தின நாள்தான் வரவு பதிந்து வாங்கியிருந்த புத்தகம். சென்ற ஆண்டு உதவித்தொகை ஒரு வரியில் இருந்தது. அதற்குக் கீழே நூலகத்திலிருந்து வந்த சில்லறைத் தொகைகள். இந்த ஆண்டு உதவித்தொகை இல்லை.

"எனக்கு மட்டும் ஏன் மேடம் வரல? நேத்துகூட பேங்க்ல நின்னேன். அவங்க எங்ககிட்ட வரலைன்னு சொல்றாங்க. அப்பாகிட்ட இன்னும் எத்தனை தடவை வரல வரலன்னு சொல்றது? அவர் ஒண்ணும் கேக்க மாட்டேங்குறார். 'ம்' அப்படீங்குறார். அந்த 'ம்' தான் மேடம் தாங்க முடியல."

அந்த நேரத்தில் ஸ்காலர்ஷிப் மேடத்தின் நெஞ்சுக்குள் ஏதோ காற்றுப் போனது போல இறங்கியது. அதைக் கூர்ந்து பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கணவன் சொன்னது சரி. கொஞ்சம் ஏமாற்றம். திருடிய பெண்ணை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். வந்திருப்பது புத்தகம் அடுக்கிக் கண்ணாடி வாங்கிய பெண். ஆனால் அந்த ஏமாற்றம் முழுதாக இறங்குவதற்குள் அதைவிடப் பெரிய கேள்வி மேலே வந்தது. அப்படியானால் பணம் எங்கே?

தளத்தைத் திறந்தாள். அதே பச்சை எழுத்து. இதுவரை அந்தப் பச்சையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். பதில் எழுத அது போதும். இன்று அதன் பக்கத்திலிருந்த 'விவரம்' என்ற சின்ன எழுத்தை அழுத்தினாள். வரவு வைத்த தேதி, தொகை, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வங்கியின் பெயர். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இலக்கமும் வேறு, வங்கியும் வேறு. அது வங்கியே இல்லை. ஒரு கைபேசி நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் வங்கி என்று ஒட்டியிருந்தது.

"உனக்கு இன்னொரு அக்கவுண்ட் இருக்கா?"

"இல்லவே இல்ல மேடம்."

"நல்லா யோசி. இந்தப் பணம் நீ மனுவுல எழுதிக் குடுக்கிற கணக்குக்குப் போறதில்ல. உன் அடையாள எண் கடைசியா எந்தக் கணக்கோட சேர்ந்திருக்கோ அங்க போகும். போன வருஷம் இந்த பேங்க்குக்கு வந்திருக்கு. இந்த வருஷம் வேற எங்கேயோ போயிருக்கு. அதுனால நடுவுலதான் ஏதோ நடந்திருக்கு. எங்கேயாவது விரல் ரேகை வச்சியா?"

பெண் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "லீவுல சிம் வாங்கினோம் மேடம். அதுக்கு வச்சேன்."

"இந்த கம்பெனி சிம்மா?"

திரையை எட்டிப் பார்த்தாள். "ஆமா! ஜோடி சிம். ரெண்டு நம்பர் வாங்கினா அதுங்களுக்குள்ள எவ்வளவு பேசினாலும் காசு இல்ல. நான் ஹாஸ்டல்ல இருக்கேன்ல, அதுக்காக அப்பா வாங்கினார். அவர் ரேகை மெஷின்ல விழவே இல்ல. முன்னாடி மூட்டை தூக்கின கை, தேஞ்சு போச்சு. அதனால ரெண்டும் என் பேர்ல. கடைக்காரர் எனக்கும் சரியா விழலைன்னு சொல்லி, இன்னொரு தடவை வைம்மா, இன்னொரு தடவை வைம்மான்னு…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"எல்லா தடவையும் விழாம போகலை" என்றாள் ஸ்காலர்ஷிப் மேடம் மெதுவாக. "ஒண்ணு சிம்முக்கு. ஒண்ணு கணக்குத் திறக்க. உன் எண்ணையும் அதோட சேர்த்துட்டான். ஆள் சேர்த்தா அவனுக்குக் கமிஷன் கிடைக்கும் போல." கடைக்காரன் மேல் கோபம் வந்த அதே மூச்சில், புதிரின் முடிச்சு அவிழ்ந்த சந்தோஷமும் வந்தது. "கணக்கு எந்த நம்பர்ல இருக்குன்னு பார்ப்போம். உன் நம்பருக்கு மெசேஜ் ஏதாவது வந்துச்சா?"

"இல்ல மேடம். நான் எல்லா மெசேஜும் பாப்பேன்."

"அப்போ அந்த இன்னொரு நம்பர்?"

"அது அப்பாகிட்ட இருக்கு. அவர் மெசேஜே பார்க்க மாட்டார். பட்டன் ஃபோன். எடுப்பார், பேசுவார், வைப்பார்."

"அந்த நம்பரைச் சொல்லு."

பெண் சொல்லச் சொல்ல, ஸ்காலர்ஷிப் மேடம் இழுப்பறையைக் கொஞ்சமாக இழுத்து, உள்ளே கிடந்த கடிதத்தின் அடியைப் பார்த்தாள். ஒவ்வொரு இலக்கமாகப் பொருந்திக்கொண்டே போனது. பணத்தைக் காணோம் என்று எழுதியவரின் சட்டைப் பையில்தான் பணம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று இருமினாள்.

*

பெண்ணை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அந்த எண்ணை அழைத்தாள். பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"சொல்லுங்க."

"காலேஜ்ல இருந்து பேசுறேங்க. உங்க லெட்டர் கிடைச்சது."

லாரிச் சத்தம் தூரமாகப் போனது. மனிதர் நடந்து ஓரமாக வந்திருக்க வேண்டும். "வந்துச்சா வரலையா? ஒரு வார்த்தைல சொல்லுங்கம்மா."

"ஒரு வார்த்தைல சொல்ற மாதிரி இல்லைங்க."

"என் தொழில்ல எல்லாம் ஒரு வார்த்தைதான். வண்டி ஏறும், நம்பர் வரும், சீட்டு கிழிச்சுக் குடுப்பேன்."

"சரிங்க, ஒரு வார்த்தை. உங்க பொண்ணு அந்தப் பணத்தைத் தொடல. மீதி நேர்ல. உங்க ஃபோனை மறக்காம எடுத்துட்டு வாங்க."

"அவளுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"லெட்டர் விஷயமா? இல்லைங்க."

"நாளைக்கு வரேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் எப்படி இருப்பார் என்று அன்று முழுக்கக் கற்பனை செய்தாள். மீசை வைத்தாள், எடுத்தாள். மறுநாள் வந்தவருக்கு அவள் போட்ட கணக்கு எதுவும் பொருந்தவில்லை. குள்ளமாக, கூச்ச சுபாவமாக, இஸ்திரி போட்ட சட்டையின் மேல் பொத்தான் வரை மாட்டி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் கதை முழுவதையும் சொன்னாள். நூலகம், கண்ணாடி, ஜோடி சிம், கட்டை விரல். அவர் கையைத் திருப்பித் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார்.

படிக்காத குறுஞ்செய்திகள் நூற்றுக்கணக்கில். பரிசு விழுந்திருக்கிறது, கடன் வேண்டுமா, இலவசப் பாட்டு. அவற்றின் நடுவே, தளத்தில் கண்ட அதே தேதியில், ஆங்கிலத்தில் ஒன்று. அவள் தமிழில் படித்துச் சொன்னாள். தொகை வரவாகியிருக்கிறது.

"விளம்பரம்னு நெனச்சேன்" என்றார். "டிங்குனு ஒரு சத்தம் வரும். எரிச்சலா இருக்கும்."

"பணம் பத்திரமா இருக்குங்க. கணக்கு உங்க பொண்ணு பேர்ல இருக்கறதால அது வந்துதான் எடுக்கணும். அது ஃபோன்ல அந்தக் கம்பெனி செயலியை இறக்கி, உங்க நம்பரைப் போட்டா, உங்க ஃபோனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை வச்சு பழைய பேங்க் கணக்குக்கு மாத்திக்கலாம். அப்புறம் பேங்க்ல ஒரு படிவம் எழுதிக் குடுத்து அடையாள எண்ணைப் பழைய கணக்கோட சேர்க்கச் சொல்லணும். இல்லைன்னா அடுத்த வருஷமும் உங்க சட்டைப் பையிலதான் விழும்." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்தாள். "பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். விசாரிக்க நான்தான் உங்களைக் கூப்பிட்டேன்னு சொல்லிடறேன். லெட்டர் பேச்சே வேண்டாம்."

அவர் தலையசைத்தார். நன்றியாகத்தான் தெரிந்தது.

பெண் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா! நீங்க எங்க இங்க? வேலைக்குப் போகலையா? உடம்பு சரியில்லையா?"

"நான்தான்மா கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தாள் ஸ்காலர்ஷிப் மேடம். "அந்த இன்னொரு சிம் விஷயமா—"

"மேடம் கூப்பிடல" என்றார் அவர். மகளைப் பார்க்காமல், மேசையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் காலேஜுக்கு லெட்டர் போட்டேன். பணம் வந்துச்சா இல்லையான்னு கேட்டு."

"அதை என்கிட்டயே கேட்டிருக்கலாமே அப்பா? நான்தான் வரலைன்னு சொன்னேனே."

"சொன்ன."

பெண்ணின் முகத்தில் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை ஸ்காலர்ஷிப் மேடம் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"லெட்டரைக் காட்டுங்க மேடம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் "குடுங்க" என்றார்.

பெண் நின்றபடியே படித்தாள். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி, அங்கியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். முடித்ததும் தாளை மேசையில் வைத்தாள்.

"நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"மேடம் சொல்ற வரைக்கும்?"

"ஆமா."

'கொஞ்சம் சந்தேகம்தான்' என்றோ, 'அப்பா மனசு அப்படி' என்றோ அவர் எதையாவது பூசி மெழுகுவார் என்று ஸ்காலர்ஷிப் மேடம் காத்திருந்தாள். அவர் பூசவில்லை. பெண் அழப்போகிறாள் என்று நினைத்தபோது, அவள் தன் கைபேசியை எடுத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"செயலி பேர் என்ன மேடம்?"

இறக்கினாள். எண்ணைத் தட்டினாள். மேசையிலிருந்த பட்டன் கைபேசி டிங்கென்றது. அவர் அதை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் வந்திருக்கும். சொல்லுங்கப்பா."

அவர் சொல்லவில்லை. கைபேசியை மார்போடு அணைத்தாற்போல் வைத்துக்கொண்டு ஸ்காலர்ஷிப் மேடத்திடம் கேட்டார். "இதுல தமிழ்ல ஏதோ போட்டிருக்கு. 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்'னு."

"போட்டிருப்பாங்க. வெளியாளுங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அர்த்தம்."

"யாரிடமும்னு இருக்கே."

"அப்பா!" என்றாள் பெண். "அது என் கணக்கு. என் பணம்."

"அது சரி. ஆனா போட்டிருக்கானே."

"நேரம் ஓடுதுங்க, கொஞ்சத்துல காலாவதி ஆயிடும்" என்றாள் ஸ்காலர்ஷிப் மேடம். "உங்க பொண்ணுகிட்டதானே சொல்லப்போறீங்க?"

அவர் ஸ்காலர்ஷிப் மேடத்தைப் பார்த்தார், அவளுக்கு அப்பால் முத்திரைக் கட்டையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சீல் சாரைப் பார்த்தார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி மகளிடம் போனார். குனிந்தார். அவள் காதருகே வாயை வைத்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண் தட்டத் தொடங்கினாள். நடுவில் நிறுத்தி, "மறுபடி சொல்லுங்க" என்றாள். மறுபடியும் சொன்னார். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்று ஸ்காலர்ஷிப் மேடத்துக்குத் தோன்றியது.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு எண்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்தார். கடைசியில் பெண்ணின் பழைய கணக்கில் பணம் வந்து விழுந்த செய்தி அவளுடைய கைபேசியில் வந்தது. அவள் அதை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார், எழுத்துக் கூட்டி, தொகை வரை.

"போய்க் கட்டிட்டு வா" என்றார். "கவுண்டர் மூடிடப் போறான்."

"அழைச்சுட்டுப் போகப்போறேன்னு எழுதியிருக்கீங்களே."

"அது வேற கணக்கு. தப்புக் கணக்கு. போ."

"போறேன். ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு."

"கண்ணாடி லைப்ரரில புக் அடுக்கி வாங்கினது. அந்த வேலையையும் விடமாட்டேன்."

அதற்கு அவர் "ம்" என்றார்.

"இந்த 'ம்' வேண்டாம்பா. ஏதாவது கேளுங்க. திட்டக்கூட செய்யுங்க."

அவர் யோசித்தார். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சீல் சார் உட்பட. "அந்தப் புக்கெல்லாம்," என்றார் கடைசியில், "கனமா இருக்குமா?"

பெண் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். தாழ்வாரத்தில் அவர்கள் குரல் தேய்ந்தது. அகராதி என்று ஏதோ காதில் விழுந்தது. அப்புறம் கிலோ என்று ஒரு சொல். அப்புறம் ஒன்றும் இல்லை. ஸ்காலர்ஷிப் மேடம் கதவு வரை போய் எட்டிப் பார்த்தாள். கட்டணச் சன்னலில் பெண் வரிசையில் நின்றாள். அவர் பக்கத்தில் நின்று விடாமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாளா, முறைத்தாளா, முதுகு மட்டும் தெரிந்ததால் சொல்ல முடியவில்லை.

"மேடம்," என்றார் சீல் சார், "அந்த ரெண்டு வரிப் பதில் என்னாச்சு? கட்டுல காணோமே."

"இனி தேவையில்ல சார். ஆனா ஒண்ணு," என்று அவள் திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தாள். "இதே கம்பெனி வங்கிக்கு வேற யார் யாருக்குப் பணம் போயிருக்குன்னு பார்க்கணும். அந்த மாதிரி கடைக்காரங்க இந்தப் பொண்ணு கையை மட்டுமா பிடிச்சிருப்பாங்க?"

முதல் பதிவு எண்ணைத் தட்டினாள். பச்சை எழுத்து வந்தது. 'விவரம்' என்பதை அழுத்திவிட்டு, வட்டம் சுற்றி நிற்பதற்காகக் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.